புது அபார்ட்மென்டில் அக்கம்பக்கத்துக்கு அனுப்பும் முதல் வாட்ஸ்அப் செய்தி

சென்னையில் இப்போது அபார்ட்மென்டுக்குக் குடிபோனால், பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவருடைய போனுக்குள் நாம் போய்விடுகிறோம். அட்வான்ஸ் கொடுத்து சாவி வாங்கியதுமே செக்ரட்டரி நம்பரைக் கேட்டு குரூப்பில் சேர்த்துவிடுகிறார். பால் காய்ச்சக்கூட நல்ல நாள் பார்த்திருக்க மாட்டோம், அதற்குள் இத்தனை வீட்டுக்காரர்களும் நம் நம்பரைப் பார்த்துவிடுகிறார்கள். அந்த நிலையில் என்ன எழுதுவது, யாருக்கு எழுதுவது என்பதில் பலருக்கும் தடுமாற்றம் இருக்கிறது. ஒன்றுமே எழுதாவிட்டால் ஒட்டாத ஆட்கள் என்று பேர். அதிகம் எழுதினால் வந்ததுமே தொல்லை என்று பேர்.

நான் முன்பு குடியிருந்த இடத்தில் சில வருஷம் அசோசியேஷன் செக்ரட்டரியாக இருந்தேன், குரூப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். புதிதாக வருகிறவர்கள் குரூப்பில் என்ன எழுதினார்கள் என்பதும் தெரியும், அதைப் படித்துவிட்டு மற்றவர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார்கள் என்பதும் தெரியும். போன வருஷம் நாங்களே மடிப்பாக்கம் பக்கம் வேறொரு கட்டடத்துக்கு வாடகைக்கு மாறினோம். அங்கே நாங்கள் செய்த அறிமுகத்தை அப்படியே சொல்கிறேன்.

செக்ரட்டரியாக இருந்தபோது எனக்கு வந்த புகார்களில் குரூப்பில் போடும் அறிமுகத்தைப் பற்றியவை ரொம்பக் குறைவு. பெரும்பாலும் தனிச்செய்தியைப் பற்றித்தான் வரும். புதிதாக வந்தவர், குரூப்பில் இருக்கும் நம்பர்களை ஒவ்வொன்றாக எடுத்து, "ஹாய், நாங்க 2ஏ-வுக்கு வந்திருக்கோம், நீங்க எந்த ஃப்ளாட்?" என்று எல்லோருக்கும் அனுப்பியிருப்பார். அவர் மனதில் நட்பைத் தவிர வேறொன்றும் இருந்திருக்காது. ஆனால் வாங்கியவர் பக்கம் யோசித்துப் பாருங்கள். தண்ணீர் லாரி எப்போது வரும், லிஃப்ட் எப்போது ஓடும் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் அந்த குரூப்பில் நம்பரைக் கொடுத்தார். முகம் தெரியாத ஒருவர் அதை எடுத்துத் தனியாக எழுதுகிறார், அதுவும் எந்த ஃப்ளாட் என்று கேட்கிறார். தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு இரவு ஒன்பதரைக்கு அறிமுகமில்லாத ஆண் பெயரில் அப்படி ஒரு செய்தி வந்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு பெண் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, இவர் யாரு, உண்மையிலேயே நம்ம பில்டிங்தானா?" என்று கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. ஒரு கேள்வியோடு முடியும் செய்தி பதிலைக் கட்டாயமாக்குகிறது. பதில் சொன்னால் பேச்சு வளருமோ என்று பயம், சொல்லாவிட்டால் நாளைக்கு லிஃப்டில் முகத்தைப் பார்க்கச் சங்கடம். உறுத்துவது இதுதான்.

அதனால் எங்கள் முறை வந்தபோது நான் வைத்துக்கொண்ட கணக்கு ஒன்றே ஒன்று. படிக்கிறவர் பதிலே போடாமல் விட்டாலும் அந்தச் செய்தி முழுமையாக இருக்க வேண்டும். நம்மைப் பற்றி அவருக்குத் தேவைப்படும் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும், அவரைப் பற்றி ஒரு கேள்விகூட இருக்கக் கூடாது.

எங்கள் கட்டடம் கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. நாங்கள் மூன்றாவது மாடியில் 3சி. நானும் கணவரும் என் மாமியாரும் பத்து வயது மகனும். மகன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். வந்ததும் ஏசி, கர்ட்டன் கம்பி, தண்ணீர் ஃபில்டர் எல்லாம் மாட்ட வேண்டியிருந்தது, அதாவது டிரில்லிங் வேலை. எங்களிடம் ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும். அக்கம்பக்கத்தாரைத் தொடக்கூடிய விஷயம் எங்களிடம் இவ்வளவுதான்: சத்தம், வண்டி, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர்.

செய்தி எழுதுவதற்கு முன்னால் வாட்ஸ்அப் ப்ரொஃபைலைச் சரிசெய்தேன். இதைப் பலர் யோசிப்பதில்லை. நம் நம்பரைச் சேமித்து வைக்காதவருக்கு குரூப்பில் நம் நம்பரும், பக்கத்தில் ~ குறியோடு நாம் ப்ரொஃபைலில் வைத்திருக்கும் பெயரும்தான் தெரியும். அந்த இடத்தில் ஒரு புள்ளியோ, "அம்மா செல்லம்" என்றோ, பழைய கம்பெனி பெயரோ இருந்தால் படிப்பவருக்கு ஆள் யாரென்று புரியாது. நான் "மீனா 3சி" என்று மாற்றினேன். அலுவலக குரூப்பிலும் அதே பெயர்தான் தெரியும், அதனால் யாருக்கும் கெட்டுப்போகவில்லை. ப்ரொஃபைல் படம் நம் காண்டாக்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்தால் அக்கம்பக்கத்தாருக்கு வெறும் சாம்பல் உருவம்தான் தெரியும். அதை எல்லோருக்கும் திறக்க விருப்பமில்லாத பெண்கள் அப்படியே விட்டுவிடலாம், தப்பில்லை. பெயரும் வீட்டு எண்ணும் தெரிந்தாலே போதும்.

குரூப்பில் சேர்த்த உடனே நான் எழுதவில்லை. என்ன மொழியில் பேசுகிறார்கள், எந்த நேரத்தில் பேசுகிறார்கள், ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று சில நாள் பார்த்தேன். எங்கள் குரூப்பில் பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் ஆங்கிலம், இந்தி பேசும் இரண்டு குடும்பங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை முழுக்க மோட்டார், தண்ணீர், வேலைக்காரர் பேச்சு. அந்த நேரத்தில் எழுதினால் அறிமுகம் எங்கோ மேலே போய்விடும். ஒருநாள் பார்க்கிங் விஷயத்தில் இருவருக்குள் வார்த்தை தடித்தது. அப்படிப்பட்ட நாளில் "எல்லோருக்கும் வணக்கம், நாங்கள் புதிது" என்று நடுவில் போய் நிற்கக் கூடாது. சனிக்கிழமை காலை பதினொன்று வாக்கில், குரூப் அமைதியாக இருந்தபோது இதை அனுப்பினேன்:

"வணக்கம். நான் மீனா, 3சி-க்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். வீட்டில் என் கணவர் ரவி, மாமியார், மகன். எங்கள் வெள்ளை காரின் கடைசி எண் 4417, நீல ஸ்கூட்டர் 2086. வண்டியை நகர்த்தவோ வேறு எதற்கோ இந்த நம்பருக்குக் கூப்பிடலாம். வரும் புதன்கிழமை காலை 10.30 முதல் 1 மணி வரை சுவரில் டிரில்லிங் வேலை இருக்கும், மதியம் சத்தம் இருக்காது. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

அதற்குக் கீழேயே இதையே ஆங்கிலத்திலும் போட்டேன். அவ்வளவுதான். படம் இல்லை, பூங்கொத்து இல்லை, "நல்ல உறவை எதிர்பார்க்கிறோம்" இல்லை.

இதில் ஒவ்வொரு வரியும் எதற்கென்று சொல்கிறேன். வீட்டு எண் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். வாட்ஸ்அப் நீளமான செய்தியைப் பாதியில் வெட்டி, மீதியைப் படிக்கத் தட்டச் சொல்கிறது, வயதானவர்கள் பலர் தட்டுவதில்லை. வாடகை என்று நானே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால் "வாங்கிட்டாங்களா, வாடகையா?" என்ற விசாரணை வாட்ச்மேனிடம் போகும். சொல்ல விருப்பமில்லாதவர் விட்டுவிடலாம், அது கட்டாயமில்லை. வண்டியின் கடைசி நான்கு எண் எல்லோருக்கும் உடனடியாகப் பயன்படும் விவரம். குரூப்பில் சும்மா பெயர் சொல்லிப் போனவரை மறந்துவிடுவார்கள், வண்டி எண் சொன்னவரைத் தேடி எடுப்பார்கள்.

டிரில்லிங் நேரத்தைத் தனிச்செய்தியில் சொல்லாமல் குரூப்பில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கான்கிரீட் தூணும் தளமும் அதிர்வை நன்றாகக் கடத்தும். மூன்றாவது மாடிச் சுவரில் துளை போட்டால் முதல் மாடியில் இருப்பவருக்குத் தன் தலைக்கு மேலேயே போடுவதுபோல் கேட்கும், அது எந்த வீடு என்றே அவருக்குத் தெரியாது. ஆகவே பக்கத்து வீட்டுக்கு மட்டும் சொன்னால் பயனில்லை. நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும். "கொஞ்சம் வேலை இருக்கு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றால் தூங்கும் குழந்தையை வைத்திருப்பவர் எதையும் திட்டமிட முடியாது. இந்தியாவில் ஒலி மாசு விதிகள் (2000) இரவு என்பதை 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று வைத்திருக்கின்றன. ஆனால் அபார்ட்மென்டில் சண்டை வருவது மதியம் இரண்டு மணிக்குத்தான், பெரியவர்கள் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரம். அதனால்தான் மதியம் சத்தம் இருக்காது என்று தனியாக எழுதினேன்.

எழுதாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். நானும் கணவரும் வேலைக்குப் போகும் நேரம், வீடு பூட்டியிருக்கும் நாட்கள், மகன் படிக்கும் பள்ளி, இவை எதுவும் இல்லை. குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. பழைய குடித்தனக்காரர், புரோக்கர், பிளம்பர் நம்பர்கூட நீக்கப்படாமல் இருக்கும். நான் செக்ரட்டரியாகப் பொறுப்பேற்றபோது முதலில் செய்தது, காலிசெய்து போனவர்களின் நம்பர்களை எடுத்ததுதான், நிறையவே இருந்தன.

அனுப்பியபின் ஏதாவது எண் தப்பாக இருந்தால் பதினைந்து நிமிஷத்துக்குள் அதே செய்தியைத் திருத்தலாம். அதன்பிறகு திருத்தம் என்று இன்னொன்று போட வேண்டிவரும், அதனால் அனுப்பியதும் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இனி தனிச்செய்தி. குரூப்பில் இருக்கும் எல்லோருக்கும் தனியாக எழுதத் தேவையே இல்லை. நம் வாழ்க்கை யார் வீட்டுக்குள் நேரடியாகப் போய்விழும் என்று பார்த்தால் ஒன்றிரண்டு கதவுகள்தான் வரும். எங்களுக்கு அது கீழே 2சி, எதிரே 3டி. மிருதங்கச் சத்தமும், தண்ணீர் கசிந்தால் அதுவும் 2சி-க்குத்தான் போகும். எதிர் வீட்டோடு வராந்தா, செருப்பு ஸ்டாண்ட், குப்பைக் கூடை எல்லாம் பொது.

நம்பர் குரூப்பில் இருக்கிறதே என்று எடுத்து எழுதவில்லை. செக்ரட்டரியிடம் இப்படிக் கேட்டேன்: "சார், கீழ் வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும். என் நம்பரை அவங்களுக்குக் கொடுத்து, எழுதலாமான்னு கேட்டுச் சொல்ல முடியுமா?" அவர்களுடைய நம்பரைக் கேட்காமல், என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். சாயங்காலம் அவர் பதில் சொன்னார். எதிர் வீட்டில் ஒரு நர்ஸ் தனியாக இருக்கிறார், தாராளமாக எழுதலாம். கீழ் வீட்டில் வயதான தம்பதி, போன் பட்டன் போன்தான், குரூப்பில் இருப்பது அமெரிக்காவில் இருக்கும் மகன்.

இதைக் கேட்காமல் 2சி என்று போட்டிருந்த நம்பருக்கு எழுதியிருந்தால், மிருதங்கம் எத்தனை மணிக்கு என்ற செய்தி அமெரிக்காவில் நடுராத்திரியில் ஒருவரை எழுப்பியிருக்கும். கீழே இருக்கும் பெரியவர்களுக்கோ ஒன்றும் தெரிந்திருக்காது. குரூப்பில் ஒரு வீட்டின் பெயரில் இருக்கும் நம்பர் அந்த வீட்டில் வசிப்பவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சென்னையில் இது சர்வசாதாரணம்.

எதிர் வீட்டுப் பெண்ணுக்கு என் நம்பரிலிருந்து நான்தான் எழுதினேன், கணவர் எழுதவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீட்டுப் பெண் எழுதுவதுதான் முறை, அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. பகல் பன்னிரண்டு மணிக்கு அனுப்பிய செய்தி:

"வணக்கம் மேடம், எதிர் வீடு 3சி மீனா. செக்ரட்டரி சார் சொன்னார், எழுதலாம் என்று. எங்கள் குப்பைக் கூடையைக் காலை 7.30-க்கு வெளியே வைப்போம், செருப்பு எல்லாம் எங்கள் பக்கச் சுவரோரம்தான் இருக்கும். ஏதாவது இடைஞ்சலாக இருந்தால் இந்த நம்பரில் சொல்லுங்கள். பதில் போட வேண்டும் என்று அவசியமில்லை."

நம்பர் எப்படிக் கிடைத்தது என்பதை இரண்டாவது வரியிலேயே சொல்வது முக்கியம். அது தெரியாமல் படிப்பவருக்கு மனதில் முதலில் எழும் கேள்வியே அதுதான், மற்றதெல்லாம் பிறகுதான் படிப்பார்கள். "பதில் அவசியமில்லை" என்ற வரியும் சும்மா மரியாதைக்குப் போட்டதில்லை. நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து பார்க்கிறவருக்கு அது ஒரு சுமையைக் குறைக்கிறது. "மேடம்" என்று போட்டதையும் சொல்ல வேண்டும். முகம் பார்க்காதவரை அக்கா, தங்கச்சி, ஆன்ட்டி என்று எழுதுவது சிலருக்குப் பிடிக்காது, அதிலும் வயதைத் தப்பாகக் கணித்தால் மனம் கோணிவிடும். பார்த்துப் பேசிய பிறகு உறவுமுறை தானாக வந்துவிடும்.

கீழ் வீட்டுக்குக் காகிதத்தில் எழுதினேன். அரைத்தாளில், பெரிய எழுத்தில், நீல மையில். மகன் மிருதங்கம் பழகுகிறான், தினமும் மாலை 6 முதல் 7 வரை, தொந்தரவாக இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்கிறோம், கீழே தண்ணீர் கசிந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று எழுதி, நம்பரை இரண்டு வரி விட்டுத் தனியாகப் பெரிதாகப் போட்டேன். கதவுக்குக் கீழே தள்ளவில்லை, தரை துடைக்கும்போது நனைந்து போகும். பால் பை மாட்டும் கொக்கியில் செருகிவிட்டு வந்தேன். மணி அடிக்கவில்லை. முழங்கால் வலியோடு எழுந்து வந்து கதவைத் திறக்க வைத்து, அதன்பின் உள்ளே வாங்க, காபி சாப்பிடுங்க என்று அவர்களைச் சொல்லவும் வைப்பது முதல் நாளே வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் அதே தாள் எங்கள் கதவில் இருந்தது. பின்பக்கம் பெரியவர் பென்சிலில் எழுதியிருந்தார்: "சௌ. மீனாவுக்கு ஆசீர்வாதம். பையன் தாராளமாக வாசிக்கட்டும். சனிக்கிழமை மட்டும் 6 மணிக்கு வேண்டாம், அந்த நேரம்தான் பிள்ளை போனில் பேசுவான்." சனிக்கிழமைப் பயிற்சியைக் காலைக்கு மாற்றினோம். நேரத்தைச் சொல்லி, மாற்றிக்கொள்கிறோம் என்றும் சொன்னதால்தான் அவரால் ஒரே வரியில் தன் தேவையைச் சொல்ல முடிந்தது. "சத்தம் வந்தால் மன்னியுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால், அவர் மகனின் குரல் கேட்காமல் சனிக்கிழமைதோறும் பொறுத்துக்கொண்டிருப்பார்.

புதன்கிழமை வேலை ஆரம்பிக்கும்போது குரூப்பில் ஒரு வரி, முடிந்ததும் "3சி டிரில்லிங் முடிந்தது, இனி இல்லை, நன்றி" என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியை யாரும் போடுவதில்லை. எனக்கு வந்த கட்டைவிரல்களில் பெரும்பாலானவை அறிமுகத்துக்கு வரவில்லை, இதற்குத்தான் வந்தன.

பதில்களில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டிய வகை ஒன்று உண்டு. ஒருவர் தனியாக எழுதினார்: "வெல்கம். சொந்த ஊர் எது? நீங்க எந்தப் பக்கத்து ஆளுங்க? வெஜ்ஜா?" இது எங்கே போகிறது என்று தமிழ்நாட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். சாதியை நேராகக் கேட்காமல் சுற்றி வந்து கேட்கிறார்கள். நான் கோபப்படவும் இல்லை, விளக்கம் கொடுக்கவும் இல்லை. "தஞ்சாவூர் பக்கம் சார். எல்லாம் சாப்பிடுவோம். நன்றி" என்று முடித்துக்கொண்டேன். நடுக் கேள்விக்குப் பதிலே போடவில்லை. அவர் மறுபடி கேட்கவும் இல்லை. கேட்ட மூன்றில் சொல்ல விரும்பியதை மட்டும் சொல்லலாம், மீதியைப் பார்க்காததுபோல் விட்டுவிடலாம், எழுத்தில் அந்த வசதி இருக்கிறது. இதே கேள்வியை நாம் யாரிடமும் கேட்கக் கூடாது என்று நான் சொல்லத் தேவையில்லை. வாடகை எவ்வளவு என்பதும் அந்த வகைதான்.

எதிர் வீட்டு நர்ஸ் அன்று பதில் போடவில்லை, நீல டிக் மட்டும் வந்தது. நானும் மேற்கொண்டு எழுதவில்லை. சில நாள் கழித்து அவரே எழுதினார், தான் டியூட்டியில் இருக்கும்போது ஒரு பார்சல் வருகிறது, வாங்கி வைக்க முடியுமா என்று. மாமியார் வாங்கி வைத்தார். அப்படி ஒரு உதவியை நாம் முதல் செய்தியிலேயே, "எது வேணும்னாலும் சொல்லுங்க, சும்மா வீட்டுக்கு வாங்க" என்று நீட்டினால் எதிராளிக்கு ஒதுங்கத்தான் தோன்றும். கூப்பிட ஒரு நம்பரும், கேட்டால் செய்வார்கள் என்ற எண்ணமும் இருந்தால் தேவை வரும்போது அவர்களே கேட்கிறார்கள்.

குரூப்பில் சில வீடுகள் எங்கள் அறிமுகத்துக்கு ஒரு கட்டைவிரல்கூடக் காட்டவில்லை. அவர்களை லிஃப்டில் பார்க்கும்போது "மெசேஜ் பார்த்தீங்களா?" என்று நான் கேட்டதே இல்லை. தலையசைத்து வணக்கம் சொல்வதோடு சரி. அவர்களில் 4ஏ-காரர் ஒருநாள் காலை ஆறரைக்கு எனக்குப் போன் செய்தார். தண்ணீர் லாரி ஓஸ் போடுவதற்காக வாட்ச்மேன் எங்கள் ஸ்கூட்டரை அவர் காருக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார். "3சி மீனா மேடம்தானே? உங்க 2086-ஐக் கொஞ்சம் எடுக்க முடியுமா, ஏர்போர்ட் போகணும்" என்றார். கணவர் சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.